இந்திய எண்கள் பாக்தாத் போய்ச் சேர்ந்த பிறகும் கணக்கர்கள் ஏன் அவற்றைத் தொடவில்லை?

கணக்கு டீச்சர்

எட்டாம் வகுப்பில் இடமதிப்பு நடத்தும்போது, "இந்த எண்கள் நம் நாட்டிலிருந்து அரேபியர் வழியாக ஐரோப்பா போயின" என்ற வழக்கமான வரியைச் சொல்லிவிட்டுக் கடந்து போகப் பார்த்தேன். ஒரு மாணவி விடவில்லை. "எப்ப டீச்சர் போச்சு?" என்றாள். 770-களில் பாக்தாத், 1202-இல் பீசா என்று பலகையில் எழுதினேன். "நடுவுல 400 வருஷம் இருக்கே, அதுவரைக்கும் என்ன பண்ணாங்க?" என்று அடுத்த கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து படித்தால் குழப்பம் கூடிவிட்டது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி சாதாரண ஆள் இல்லை, முக்கோணவியலில் பெரிய பெயர். அவர் அரசு எழுத்தர்களுக்கும் வரிக் கணக்கு பார்ப்பவர்களுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் இந்திய இலக்கம் ஒன்றுகூடக் கிடையாதாம். எல்லா எண்ணும் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கிறது. எண்கள் அந்த ஊருக்கு வந்து 200 வருஷம் ஆன பிறகு! அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. பிறகு ஏன்?

செங்குட்டுவன்

டீச்சர், இதற்குப் பதில் எளிது. மதம்தான் தடுத்தது. சுழியம் சாத்தானின் எண் என்று தேவாலயம் தடை போட்டது. 1299-இல் ஃபுளோரன்ஸ் நகரில் இந்த எண்களை எழுதக் கூடாது என்று சட்டமே வந்தது. அரபு நாட்டிலும் அப்படி ஏதாவது இருந்திருக்கும்.

இன்னொன்று, நம் வணிகர்கள் சங்க காலத்திலிருந்தே கடல் வழியாகப் போய் வந்தவர்கள். தமிழ் எண்கள்தான் அரபு எண்களுக்கு மூலம் என்று நான் நம்புகிறேன். அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

தம்மாம் யூசுப்

நான் 11 வருஷமா சவூதியில இருக்கேன். வந்த புதுசுல அரபு எண்ணால ரொம்பக் கஷ்டப்பட்டேன். இங்க சின்ன வட்டம் போட்டா அது அஞ்சு. சுழியத்துக்கு வெறும் புள்ளிதான். கடைச் சீட்டுல வட்டத்தைப் பாத்து சுழியம்னு நினைச்சு காசு குறைச்சு நீட்டியிருக்கேன். ஆறு நம்ம ஏழு மாதிரி இருக்கும். அதனால கணக்கர்கள் ஏன் தொடலைன்னா குழப்பம்தான் காரணமா இருக்கும். டீச்சர், பசங்களுக்கு ஒரு அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, ஒரு வாரத்துல வந்துரும்.

கணக்கு டீச்சர்

யூசுப் பாய், நன்றி. நான் கேட்டது இன்றைய அரபு எண்களை எப்படிப் படிப்பது என்பதை அல்ல. ஆனால் வட்டம் அஞ்சு, புள்ளி சுழியம் என்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சொல்கிறேன்.

ஓலைநூல்

டீச்சரின் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். பழைய கணக்கு நூல்களைப் படிப்பதுதான் பல வருஷமாக என் வேலை. என் பார்வையில் இதற்கு முதல் காரணம் மதமோ குழப்பமோ அல்ல. அந்த எண்களை எதன் மேல் எழுதினார்கள் என்பதுதான்.

இந்திய முறை பாக்தாதுக்கு வெறும் பத்துக் குறிகளாக வரவில்லை. ஒரு பலகையோடு வந்தது. பலகை மேல் மெல்லிய தூசியோ மணலோ பரப்பி, விரலாலோ குச்சியாலோ எண் எழுதி, கணக்குப் போகப் போக அழித்து அழித்து எழுதுவார்கள். அரபியில் அந்தப் பலகை 'தஃக்த்'. தூசிக்கு 'ஃகுபார்' என்று பெயர். மேற்கே மொராக்கோ, ஸ்பெயின் பக்கம் இந்த எண்களுக்கே 'ஃகுபார்' எழுத்து என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சமஸ்கிருதத்திலும் எழுதிப் போடும் கணக்குக்கு 'தூளி கர்மம்' என்ற சொல் உண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதப் பழகியதை நினைத்துக்கொண்டால் படம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது வரிக் கணக்கரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவரிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது, 'கைக் கணக்கு'. மனத்தில் பெருக்குவார், நடுவில் வரும் விடையை விரல் மடக்கி நிறுத்திக்கொள்வார், இறுதி விடையை மட்டும் தாளில் சொல்லாக எழுதுவார். பலகை வேண்டாம், தூசி வேண்டாம், குதிரை மேல் இருந்தும் போடலாம். அபுல் வஃபா புத்தகம் எழுதியது இந்த ஆட்களுக்காக. அவர்கள் வேலை செய்கிற விதத்திலேயே எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வானியலாளர்கள் பக்கம் போனால் அவர்களுக்கும் வேறு முறை இருந்தது. எழுத்துகளையே எண்ணாக வைத்து, அறுபதின் பின்னங்களில் கோணங்களைக் குறித்தார்கள். ஆக, ஒரே ஊரில் மூன்று கணக்கு முறைகள் அருகருகே ஓடின. இந்திய முறை அவற்றில் ஒன்று.

ஆனால் அது புத்தகத்தில் மட்டும் தூங்கிக் கிடந்ததாக நினைக்க வேண்டாம். இப்னு சீனா தன் இளமையைப் பற்றிச் சொல்லும்போது, இந்தியக் கணக்கு கற்றுக்கொள்ளத் தன் தந்தை தன்னை ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பியதாகச் சொல்கிறார். இது புகாராவில், 980-களின் இறுதியில். மருத்துவத்தில் உலகப் பெயர் எடுத்தவர் இடமதிப்பைக் கற்றது காய்கறிக் கடையில்! பாக்தாத் அலுவலகத்தில் இல்லாதது புகாரா கடைத்தெருவில் இருந்திருக்கிறது.

மண்டிக் கணக்கப்பிள்ளை

ஓலைநூல் ஐயா சொல்வது எனக்கு அப்படியே புரிகிறது. நான் 38 வருஷம் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விரல் கணுவைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டே மூட்டைக் கணக்கு முடிப்பார். நான் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் அவர் விடை சொல்லியிருப்பார். அவரிடம் போய் "தாளில் போடுங்க" என்றால் கோபம் வரும். அவருக்கு அது வேலையைத் தாமதப்படுத்துகிற காரியம்.

ஃபுளோரன்ஸ் சட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மண்டியில் ஒரு முறை சீட்டில் இருந்த 1-ஐ யாரோ 7 ஆக்கிவிட்டார்கள். 14 மூட்டை 74 ஆகிவிட்டது. எழுத்தாலும் எழுதியிருந்தால் அது நடந்திருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் 'பதினான்கு மட்டும்' என்று எழுத ஆரம்பித்தேன். காசோலையில் இன்றைக்கும் அப்படித்தானே எழுதுகிறோம்? அதனால் அந்தச் சட்டத்தில் சாத்தான் எல்லாம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓலைநூல்

கணக்கப்பிள்ளை ஐயா சரியாகச் சொன்னார். 1299 விதி தேவாலயம் போட்டதே இல்லை. அது ஃபுளோரன்ஸில் நாணயம் மாற்றுவோர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வைத்த விதி. பேரேட்டில் தொகையை இலக்கத்தில் எழுதாதே, எழுத்தால் வெளிப்படையாக முழுசாக எழுது என்பதுதான் அதன் சாரம். திருத்தி ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் என்று பலர் சொல்கிறார்கள். ஐயாவின் 14, 74 மாதிரி. எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் அதை ஊகமாகவே வைத்துக்கொள்கிறேன். விதி பேரேட்டைப் பற்றியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பக்கத்தில் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைப் பற்றியது அல்ல.

தம்பி செங்குட்டுவன், தமிழ் எண் விஷயம். நம் பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டு. 325 எழுத வேண்டும் என்றால் ௩௱௨௰௫. மூன்று-நூறு-இரண்டு-பத்து-ஐந்து என்று சொல்வதை அப்படியே எழுதும் முறை. இதில் இடம் மதிப்பைத் தருவதில்லை, குறிதான் தருகிறது. சுழியம் தேவையே படாது. அழகான முறைதான், எனக்கு அதன் மேல் பிரியம் உண்டு. ஆனால் பாக்தாதுக்குப் போனது அது அல்ல.

செங்குட்டுவன்

தமிழ் எண் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் ஐயா. ௱ எழுதினால் சுழியம் தேவையில்லை என்பதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் கடல் வழி வணிகர்கள் மூலமாகப் போயிருக்கலாம் என்பதை ஏன் ஒதுக்க வேண்டும்? தூதுக்குழு வந்தது, வானியல் நூலை மொழிபெயர்த்தார்கள் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஓலைநூல்

ஒதுக்கவில்லை தம்பி. அந்தப் பாதி உங்கள் பக்கம்தான் சாய்கிறது என்றே நினைக்கிறேன்.

கலீஃபா அல்-மன்சூர் அவைக்கு 770-களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஒரு குழு வந்தது, அது கொண்டுவந்த வானியல் சித்தாந்த நூலை அல்-ஃபஸாரி அரபியில் 'சிந்த்ஹிந்த்' ஆக்கினார் என்பது பழைய அரபு ஆசிரியர்கள் தரும் செய்தி. பிரம்மகுப்தரின் வழி வந்த நூல் அது. ஆனால் சமஸ்கிருத வானியல் நூல்கள் செய்யுளில் இருக்கும். எண்களைச் சொற்களால் மறைமுகமாகக் குறிப்பார்கள், கண் என்றால் 2, வேதம் என்றால் 4 என்கிற மாதிரி. அதை மட்டும் வைத்துக்கொண்டு தூசிப் பலகையில் எப்படிப் பெருக்குவது என்று கற்றுக்கொள்ள முடியாது. அதை ஒருவர் உட்கார்ந்து கையால் காட்டித்தான் சொல்லித் தர வேண்டும்.

அதற்கும் 100 வருஷம் முன்னால், 662-இல், யூஃப்ரடீஸ் கரையில் ஒரு மடத்தில் இருந்த செவேருஸ் செபோக்த் என்ற சிரியக் கிறித்தவ ஆயர், இந்தியர்கள் ஒன்பது குறிகளால் கணக்கிடுகிறார்கள், அது சொல்லுக்கு அடங்காத சிறப்புடையது என்று எழுதியிருக்கிறார். கிரேக்கர்களுக்கு மட்டும்தான் அறிவு உண்டு என்று பேசுகிறவர்கள் மீது அவருக்கு இருந்த கோபத்தில் எழுதியது. அப்படியென்றால் நூல் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. யார் கொண்டுவந்தார்கள்? வணிகர்களாக இருக்கலாம். என்னால் அதற்கு மேல் போக முடியாது.

கணக்கு டீச்சர்

ஐயா, பலகையில் எப்படிப் பெருக்கினார்கள் என்று ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா? பிள்ளைகளுக்குக் காட்டினால்தான் "ஏன் அழிக்கணும்?" என்பது புரியும்.

ஓலைநூல்

கண்டிப்பாக. 1000-ஆம் ஆண்டையொட்டி கூஷ்யார் இப்னு லப்பான் எழுதிய இந்தியக் கணக்கு நூலில் உள்ள உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 325-ஐ 243-ஆல் பெருக்க வேண்டும். மேலே 325 எழுதி, கீழே 243-ஐ அதன் கடைசி இலக்கம் மேல் எண்ணின் முதல் இலக்கத்துக்கு நேராக வரும்படி வைக்க வேண்டும்.

```
  325
243
```

மேலே உள்ள 3-ஐ வைத்து, கீழ் எண்ணை இடப்பக்கத்திலிருந்து பெருக்கிக்கொண்டு வரவும். 3 × 2 = 6. அதை 2-க்கு நேர் மேலே எழுது. 3 × 4 = 12. 4-க்கு மேலே 2 எழுது, இடப்பக்க 6-ஐ அழித்து 7 ஆக்கு. 3 × 3 = 9. இப்போது அந்த மேல் 3-இன் வேலை முடிந்தது, அதையே அழித்துவிட்டு அந்த இடத்தில் 9 எழுது. பிறகு கீழ் வரியை அழித்து ஓர் இடம் வலப்பக்கம் தள்ளி எழுது.

```
72925
 243
```

இப்போது மேலே உள்ள அடுத்த இலக்கமான 2-இன் முறை. 2 × 2 = 4, மேலே இருக்கும் 2-உடன் சேர்ந்து 6. 2 × 4 = 8, மேலே 9, ஆக 17. 9-ஐ அழித்து 7 வை, இடப்பக்கம் 6 இப்போது 7. 2 × 3 = 6, அதை அந்த 2 இருந்த இடத்தில் எழுது. மீண்டும் கீழ் எண்ணைத் தள்ளு.

```
77765
  243
```

கடைசியாக 5. 5 × 2 = 10, ஆயிரத்தின் இடத்தில் ஒன்று கூடும், 7 என்பது 8 ஆகும். 5 × 4 = 20, நூறின் இடத்தில் 7 என்பது 9 ஆகும். 5 × 3 = 15, 5 அதே இடத்தில் நிற்கும், பத்தின் இடத்தில் 6 என்பது 7. பலகையில் மிஞ்சுவது:

```
78975
  243
```

விடை 78975. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தொடங்கிய 325 காணாமல் போய்விட்டது. விடை அதைத் தின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறது. தூசியில் இது எவ்வளவு சுலபம், மையில் எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். தாளில் இதே முறையைச் செய்தால் அடித்து அடித்து ஒன்றுமே படிக்க முடியாது. அதனால்தான் முறை பலகையை விட்டு நகரவில்லை.

மீனாட்சி

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்க்கிறேன். இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த பயம், தப்பு வந்தால் எங்கே தேடுவது என்பதுதான். எங்கள் தொழிலில் விடை மட்டும் இருந்து வழி இல்லை என்றால் அதைக் கணக்காகவே ஏற்க மாட்டோம். அவர்கள் எப்படிச் சரிபார்த்தார்கள்? ஒன்பது கழிக்கும் முறை இருந்ததே, அது போதுமே?

ஓலைநூல்

ஆமாம் அம்மா, ஒன்பது கழிப்பது இருந்தது. அரபியில் அதற்கு 'மீஸான்', அதாவது தராசு என்று பெயர். 325-இன் இலக்கங்களைக் கூட்டினால் 10, அதில் ஒன்பது போனால் 1. 243-இன் இலக்கங்கள் 9, அதாவது 0. ஒன்று பெருக்கல் சுழியம், சுழியம். விடையான 78975-இன் இலக்கங்கள் கூட்டினால் 36, அதுவும் 0. தராசு நேராக நிற்கிறது.

போதுமா என்றால் போதாது. அவசரத்தில் 78957 என்று கடைசி இரண்டை மாற்றி எழுதியிருந்தாலும் தராசு நேராகத்தான் நிற்கும், கூட்டல் அதே 36 தானே. சுழியம் ஒன்றை விட்டுவிட்டாலும் தெரியாது. தராசு சாய்ந்தால் தப்பு நிச்சயம், நேராக நின்றால் சரி என்று உறுதி இல்லை. சாய்ந்தால் இன்னும் கஷ்டம். எந்தப் படியில் சறுக்கியது என்று பார்க்க வழியே இல்லை, எல்லாம் அழிந்துவிட்டது. முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

நீங்கள் சொன்ன அதே பயத்தை ஒரு மனிதர் டமாஸ்கஸில் 952-ஐ ஒட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அபுல் ஹசன் அல்-உக்லீதிசி. பெயரைப் பாருங்கள், 'உக்லீதிஸ்' என்றால் யூக்ளிட். யூக்ளிடின் நூலைப் படியெடுத்து விற்பவர்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. ஆக அவர் அநேகமாக மையும் தாளும் கையில் புழங்கியவர். இந்தியக் கணக்கைப் பற்றி அவர் எழுதிய நூலில், பலகையை விட்டுவிட்டு இதே கணக்கைத் தாளில் அழிக்காமல் எப்படிப் போடுவது என்று ஒரு பகுதியே இருக்கிறது. இலக்கங்களை மாற்றும் இடத்தில் அழிக்காமல் வேறு இடத்தில் எழுதும்படி முறையை மாற்றினார். வழி முழுக்கக் கண்முன் நிற்கும்.

அவர் சொல்லும் காரணம் நான் எதிர்பார்க்காத ஒன்று. தெருவில் உட்கார்ந்து பலகை வைத்துச் சோதிடம் சொல்லிப் பிழைக்கும் ஆட்கள் கையில் இருப்பது மாதிரியே இருப்பதால், பலகையோடு தங்களைப் பிறர் பார்ப்பதைப் பலர் விரும்புவதில்லை என்கிறார். டீச்சர், அபுல் வஃபாவின் எழுத்தர்கள் ஏன் தொடவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக மனிதத்தனமான பதில் இதுதான். அரசு அலுவலகத்தில் கௌரவமாக உட்கார்ந்திருப்பவர், கையெல்லாம் தூசியாக, தெருச் சோதிடர் மாதிரி தெரிய விரும்பவில்லை.

மண்டிக் கணக்கப்பிள்ளை

இது உண்மை. நான் சேர்ந்த புதிதில் சிலேட்டில் கணக்குப் போட்டால் "பள்ளிக்கூடப் பையனா?" என்று கேட்பார்கள். துண்டுத் தாளில் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மீனாட்சி

ஐயா, தசமப் பின்னமும் இந்த உக்லீதிசியிடம்தான் தொடங்குகிறது என்று படித்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஸ்டெவின் 1585-இல் தசமம் பற்றி எழுதியதற்கு 600 வருஷம் முன்னால். அது சரிதானே?

ஓலைநூல்

பாதி சரி என்பேன், ஆனால் இதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. அவர் 19-ஐத் தொடர்ந்து ஐந்து முறை பாதியாக்குகிறார். 9.5, 4.75, 2.375, 1.1875, கடைசியில் 0.59375. ஒன்றின் இடம் எது என்று காட்ட அந்த இலக்கத்துக்கு மேலே ஒரு சிறு கோடு போடுகிறார். பின்னப் பகுதியையும் அதே வரிசையில் தொடர்ந்து எழுதுகிறார். கண்ணால் பார்த்தால் அது தசமம்தான்.

ஆனால் நூல் முழுவதும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. பாதியாக்குவது, பத்தில் ஒரு பங்கைக் கூட்டுவது போன்ற சில இடங்களில் மட்டும் வருகிறது. பத்தின் பின்னங்களை ஒரு முழு முறையாக விளக்கியவர் 1427-இல் அல்-காஷி. உக்லீதிசி ஒரு வசதியைக் கண்டுபிடித்தாரா, ஒரு கருத்தைக் கண்டுபிடித்தாரா என்பதில் நான் முதல் பக்கம் சாய்கிறேன். இன்னொன்று, நமக்குக் கிடைத்திருப்பது 1157-இல் எழுதப்பட்ட படி. 200 வருஷ இடைவெளி இருக்கிறது.

மீனாட்சி

நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் கோடு போட்டு ஒன்றின் இடத்தைக் காட்டியிருக்கிறார் என்றால், வலப்பக்கம் இருப்பது பத்தில், நூறில் என்று புரிந்துதான் செய்திருக்கிறார். எத்தனை முறை பயன்படுத்தினார் என்பதை வைத்துப் புரிதலை அளக்க முடியாது.

ஓலைநூல்

நியாயமான வாதம். என் கருத்தை மாற்றவில்லை, ஆனால் உங்கள் பக்கம் பேசும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

கணக்கு டீச்சர்

அப்புறம் பீசா? பலகையும் தூசியும் அங்கே எப்படிப் போயின?

ஓலைநூல்

இரண்டு வழி. ஒன்று படிப்பாளிகள் வழி. 825-ஐ ஒட்டி அல்-குவாரிஸ்மி இந்தியக் கணக்கு பற்றி எழுதினார். அரபு மூலம் தொலைந்துவிட்டது. 12-ஆம் நூற்றாண்டு லத்தீன் வடிவம் "அல்கோரிஸ்மி சொன்னான்" என்று தொடங்கும். அல்காரிதம் என்று நாம் சொல்வது அந்த மனிதரின் ஊர்ப்பெயர்தான், குவாரிஸம். இந்த வழியில் வந்த எண்கள் மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நாள்காட்டிக் கணக்குக்குப் பயன்பட்டன.

இன்னொன்று துறைமுக வழி, அதைத்தான் மாணவிக்குச் சொல்ல வேண்டும். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பிஜாயா துறைமுகத்தில், பீசா வணிகர்களுக்கான சுங்கத்தில் அலுவலராக இருந்தவர் லியோனார்டோவின் தந்தை. மகனையும் அங்கே வரவழைத்து இந்திய எண்கள் படிக்க வைத்தார். பின்னாளில் ஃபிபனாச்சி என்று நாம் அழைப்பது அந்த மகனைத்தான். எகிப்து, சிரியா, சிசிலி என்று வியாபாரமாக அலைந்து 1202-இல் 'லிபர் அபாச்சி' எழுதினார். 9 முதல் 1 வரை இந்தியர்களின் ஒன்பது உருவங்கள், அவற்றோடு அரபியில் 'ஸிஃப்ர்' எனப்படும் 0 என்று தொடங்கும். சூனியம் என்பதை அரபியில் 'வெறுமை' என்று மொழிபெயர்த்தது ஸிஃப்ர். அதுவே லத்தீனில் செஃபிரும், இத்தாலியில் சீரோ.

இப்போது இதைக் கேளுங்கள். பெருக்கல் சொல்லித் தரும்போது ஃபிபனாச்சி, எழுதியதை எளிதில் அழிக்கக்கூடிய வெள்ளை பூசிய பலகையில் எழுதச் சொல்கிறார். தூசிப் பலகையின் வாசனை இன்னும் இருக்கிறது. ஆனால் இலக்கங்களை அழித்து மாற்றும் வேலை போய்விட்டது. இரண்டு எண்களும் அப்படியே நிற்க, விடை மேலே எழுதப்படும். மீதி வரும் எண்ணை எங்கே வைப்பது? கையில் வைத்துக்கொள் என்கிறார். உண்மையாகவே கையில்தான், எந்த எண்ணுக்கு எந்த விரலை எப்படி மடக்குவது என்றும் நூலில் சொல்லியிருக்கிறார். அபுல் வஃபாவின் எழுத்தர்கள் விட்டுக்கொடுக்காத விரல் கணக்கும், அவர்கள் தொடாத இந்திய எண்ணும் இங்கே ஒரே பெருக்கலில் சேர்ந்துவிட்டன.

மண்டிக் கணக்கப்பிள்ளை

ஐயா, "12-இல் 2 போட்டு 1 கையில்" என்று நாமும் சொல்கிறோமே! நான் சின்ன வயதில் நிஜமாகவே ஒரு விரலை மடக்கித்தான் வைத்துக்கொள்வேன்.

ஓலைநூல்

அதேதான் ஐயா. அந்த வழக்கம் இங்கே எப்படி வந்தது என்பது தனிக் கதை, ஃபிபனாச்சியோடு முடிச்சுப் போட மாட்டேன். விரல் எல்லோருக்கும் இருக்கிறது.

இத்தாலியில் அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13-ஆம் நூற்றாண்டில் அங்கேயே தாள் செய்ய ஆரம்பித்தார்கள். வணிகப் பிள்ளைகளுக்கு இந்த எண்களைச் சொல்லித் தரும் கணக்குப் பள்ளிகள் தோன்றின. 1338-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸில் அப்படி ஆறு பள்ளிகளில் 1000 முதல் 1200 பையன்கள் படித்ததாக வில்லானி என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 1299-இல் விதி போட்ட அதே ஊர், 40 வருஷத்துக்குள்.

தம்மாம் யூசுப்

ஐயா, எனக்கும் ஒரு கேள்வி. அரபி வலமிருந்து இடமாக எழுதறாங்க. ஆனா 325-ன்னா இங்கயும் நம்ம மாதிரியே 3 இடப்பக்கம்தான் இருக்கு. அப்ப எண்ணை மட்டும் திருப்பாம இந்தியாவுல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டாங்களா?

ஓலைநூல்

உருவம் அப்படியேதான் வந்தது பாய். ஆனால் அவர்கள் பார்வையில் அது திரும்பித்தான் இருக்கிறது. வலமிருந்து வரும் கண்ணுக்கு முதலில் படுவது ஒன்றின் இலக்கம். பழைய அரபியில் சொல்லும்போதும் "ஐந்து, இருபது, முந்நூறு" என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் சொல்லும் வழக்கம் உண்டு. கூஷ்யார் போன்றவர்கள் 'முதல் இடம்' என்று சொல்வது ஒன்றின் இடத்தைத்தான். நாம் அதே உருவத்தைப் பெரியதிலிருந்து படிக்கிறோம். யோசித்துத் திருப்பாமல் விட்டார்களா, பலகையில் பார்த்த உருவத்தைக் கை அப்படியே பழகிவிட்டதா என்பதில் எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

கணக்கு டீச்சர்

நேற்று வகுப்பில் செய்து பார்த்தோம். எவர்சில்வர் தட்டுகளில் அரிசி மாவு பரப்பி, நான்கு பேர் ஒரு குழுவாக. 325 × 243-ஐ ஏழு குழுக்களில் ஐந்து சரியாக முடித்தன. ஒரு குழுவுக்கு 78875 வந்தது. ஒன்பது கழித்துப் பார்த்து "தப்பு" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஆனால் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனாட்சி அம்மாவின் பயம் அப்படியே அந்த முகங்களில் தெரிந்தது. அதன் பிறகு தாளைக் கொடுத்து, அழிக்காமல் ஒரு முறை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டேன். இரண்டு குழுக்கள் பழைய இலக்கத்தை அடித்துவிட்டு அதன் தலைக்கு மேலே புதியதை எழுதினார்கள்.

இன்னொரு குழுவின் கணக்கு என்னிடம் மாட்டிக்கொண்டது. அவர்களாகவே 305 × 243 எடுத்துக்கொண்டார்கள். நடுவில் சுழியம் வந்ததும் அதில் பெருக்க வேண்டுமா, தாண்டிப் போக வேண்டுமா என்று இரண்டு பிரிவாகச் சண்டை. தாண்டிப் போகச் சொன்னேன், சரியா ஐயா?

ஓலைநூல்

சரி டீச்சர், ஆனால் கீழ் எண்ணை ஓர் இடம் தள்ளாமல் தாண்டக் கூடாது. முதல் படி முடிந்ததும் மேலே 72905 இருக்கும். சுழியத்துக்காக 243-ஐ ஒரு முறை தள்ளு, ஒன்றும் பெருக்காதே, மறுபடி தள்ளு, இப்போது அதன் 3 மேலே உள்ள 5-க்கு நேராக நிற்கும். விடை 74115 வர வேண்டும். ஒரே ஒரு முறை தள்ளிய குழுவுக்கு என்ன வந்தது என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.

கணக்கு டீச்சர்

85050 என்று வந்ததாம். கடைசி 5-க்கு நேர் கீழே எதுவும் இல்லையே என்று ஒருத்தி அப்போதே சொன்னாளாம், மற்றவர்கள் கேட்கவில்லை. ஒன்பது கழித்துப் பார்த்தார்களாம், 8, 5, 0, 5, 0 கூட்டினால் 18, தராசு நேராக நின்றுவிட்டது.